துவாஸ் விடுதியில் இரவு ஆன்ம சோதனை

இஞ்ஞாசியார் வழி ஆன்ம சோதனை என்பது, கழிந்த நாளைப் படுக்கப் போகுமுன் கடவுள் முன்னிலையில் திரும்பிப் பார்க்கும் கால் மணி நேரச் செபம். லொயோலா இஞ்ஞாசியார் எழுதி, 1548-இல் மூன்றாம் பவுல் திருத்தந்தை ஒப்புதல் அளித்த ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலின் 43-ஆம் பத்தியில் இதன் முறை இருக்கிறது. படிகள் ஐந்து. பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது முதலாவது. தன் குறைகளை அறியவும் அவற்றை விலக்கவும் அருள் கேட்பது இரண்டாவது. விழித்த நேரம் முதல் அந்த நேரம் வரை மணிவாரியாக, நினைவு, சொல், செயல் என்ற வரிசையில் கணக்குக் கேட்பது மூன்றாவது. மன்னிப்புக் கேட்பது நான்காவது. இறையருளோடு திருந்துவதாகத் தீர்மானித்து, பரலோக மந்திரத்தோடு முடிப்பது ஐந்தாவது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் பாவங்களைப் பட்டியலிடும் ஆத்தும சோதனை தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பழக்கமானதுதான். பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையை விளக்க அண்டிரிக் அடிகளார் என்ற சேசு சபைக் குரு 1580-இலேயே தமிழில் ஒரு நூலை அச்சிட்டார். இஞ்ஞாசியாரின் முறை அதிலிருந்து வேறுபடும் இடம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது: பாவத்தைத் தேடுமுன் அது நன்றியைத் தேடச் சொல்கிறது. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைத் துவாஸில் ஒரு தொழிலாளர் விடுதி அறையில் அந்த முறை நடந்த விதத்தைக் கொண்டு பார்க்கலாம்.

துவாஸ் சிங்கப்பூரின் மேற்கு முனை. கப்பல் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த அந்தப் பகுதியில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஆண்கள் பல்லாயிரம் பேர் பெரிய விடுதிகளில் தங்குகிறார்கள். 2017 ஜூன் 18-இல் துவாஸ் லிங்க் எம்ஆர்டி நிலையம் திறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை கிழக்கு மேற்குத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் பூகிஸில் இறங்கலாம். அங்கிருந்து ஒஃபீர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயத்துக்கு நடை தூரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்ட கோயில் அது. தமிழ்ப் பூசை முடிந்ததும் கூட்டம் அப்படியே சிராங்கூன் சாலைப் பக்கம் நகரும். அந்த ஞாயிறும்கூட ஓவர்டைம் இல்லாத வாரத்தில்தான் வாய்க்கும். மற்ற ஆறு நாளும் கோயில் இல்லை, குருவும் இல்லை, தனியறையும் இல்லை. ஆன்ம சோதனைக்கு இவற்றில் எதுவும் தேவைப்படவில்லை.

நேரமில்லாதவர்களுக்கு இது பொருந்துவதும் தற்செயல் அன்று. சேசு சபையில் படித்துக்கொண்டிருந்த இளந்துறவிகளுக்கு நீண்ட செபம் வேண்டாம் என்று இஞ்ஞாசியார் கருதினார். படிப்பே அவர்கள் கடமை. ஆகவே சபையின் சட்ட நூலில் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேர அளவுதான் வைத்தார். அதற்குள் நாளுக்கு இரண்டு முறை ஆன்ம சோதனை கட்டாயம் என்றார். எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

இங்கே நினைவுகூரப்படுபவர் ஓரியூர்ப் பக்கத்துக்காரர். கப்பல் பட்டறையில் ஸ்கஃபோல்டிங் வேலையில் ஒரு சின்னக் கேங்குக்கு லீடர். ஓரியூர், 1693 பிப்ரவரி 4-இல் சேசு சபைக் குருவான அருளானந்தர் தலை வெட்டப்பட்டு இறந்த ஊர். அந்த மண்ணில் பிறந்தவருக்குச் சேசு சபை புதிதில்லை. ஆனாலும் ஆன்ம சோதனையின் ஐந்து படிகளை அவர் கற்றது, தவக்காலத்தில் தியானம் கொடுக்க வந்த ஒரு குருவிடம். அதற்கு முன் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அப்பத்தா இரவு செபத்தில் சொல்லித்தந்த உத்தம மனஸ்தாப மந்திரம் மட்டுமே.

விடுதி அறையில் பன்னிரண்டு பேர். இரட்டை அடுக்குக் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் மறைப்புத் துணி, எப்போதும் யாராவது ஒருவர் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும் சத்தம். அவர் முதலில் மேல் கட்டிலில் படுத்தபடியே செய்து பார்த்தார். நன்றி சொல்லி முடிக்குமுன் உறங்கிவிட்டார். காலை நான்கரைக்கு எழுந்து குளியலறை வரிசையில் நிற்கும் உடம்பு படுத்தால் வேறென்ன செய்யும்? பிறகு துணி காயப்போடும் நடைபாதையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், வீட்டுக்குப் பேசுமுன், என்று நேரத்தையும் மாற்றிக்கொண்டார். நேரத்தை மாற்றியதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டுப் பேச்சில் நகைக்கடன், பள்ளிக் கட்டணம் என்று ஒன்று வந்துவிட்டால் அதன் பிறகு அன்றைய நாள் கண்ணில் படாது.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அன்று பகல் இரண்டு மணிவாக்கில், உலர்துறையில் நின்ற ஒரு கப்பலின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டிருந்த சாரத்தின் மூன்றாம் தட்டிலிருந்து ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தது. ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரம். கீழே ஆள் யாரும் இல்லை. கைநழுவ விட்டவன் ஊரிலிருந்து வந்து சில வாரமே ஆன புதுக்கோட்டைப் பையன். லீடர் எல்லார் முன்னாலும் அவனைத் தாயை இழுத்துத் திட்டிவிட்டார். பையன் ஒன்றும் பேசவில்லை. அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

இரவு பக்கெட்டின்மேல் உட்கார்ந்தபோது முதலில் நெஞ்சில் நின்றது அந்த முகம்தான். நேராக அங்கே போய்விட மனம் துடித்தது. முறை விடவில்லை; நன்றி முதலில்.

நன்றியில் பொதுவாகச் சொல்வது எளிது. உயிர், உடல்நலம், வேலை, குடும்பம் என்று ஒப்பிப்பது அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எந்த நாளுக்கும் அது பொருந்தும் என்பதால் அந்த நாளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சரியாக நடக்கிறதா என்று அறிய ஓர் அடையாளம் உண்டு. சொல்லும் நன்றி நேற்றைக்கும் பொருந்துமானால் அது இன்றைய நன்றி இல்லை. அன்று அவருக்குக் கிடைத்தவை மூன்று. லாரி பட்டறை வாசலுக்குள் நுழைந்த பிறகுதான் மழை கொட்டியது. கேட்டரிங் சோறு புளித்துப்போயிருந்த மதியம், அறைத்தோழனான வங்காளதேசத்துக்காரர் தான் சமைத்துக் கொண்டுவந்த பருப்பில் பாதியைத் தட்டில் ஊற்றினார். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் நிறுத்திக்கொண்டார்: ஸ்பேனர் விழுந்த இடத்தில் ஆள் இல்லை.

பகல் இரண்டு மணிக்கு அவர் கண்ணில் அது பையனின் தப்பாக மட்டுமே தெரிந்தது. இரவில் அதே சம்பவம் நன்றியின் பக்கத்தில் முதலில் வந்து நின்றது. வரிசை செய்யும் வேலை இதுதான். நேரே குற்றத்துக்குப் போகிறவர் ஒன்று தன்னைக் கிழித்துக்கொள்வார், இல்லையென்றால் தனக்கு வக்கீலாகிவிடுவார். இரண்டிலும் நடந்தது என்ன என்பது மறைந்துபோகும். பெற்றதை முதலில் எண்ணியவருக்குத் தப்பை ஒப்புக்கொள்வதால் எல்லாமே போய்விடாது என்ற தைரியம் இருக்கும்.

இரண்டாம் படி, அருள் கேட்பது, ஒரு வாக்கியத்தில் முடியும். அதைத் தாண்டிப் போகிறவர்கள் பலர். தன் ஞாபகத்தையே நம்பி நாளைப் பார்த்தால், தனக்குச் சாதகமானதே முதலில் வரும் என்பதால்தான் அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாம் படிதான் நேரம் எடுப்பது. இஞ்ஞாசியார் மணிவாரியாகப் போகச் சொல்வதன் பயன் இங்கே தெரியும். அந்த லீடர் நான்கரை மணியிலிருந்து தொடங்கினார். லாரி. ஏழரைக்கு டூல்பாக்ஸ் மீட்டிங், ஹார்னஸ் சரிபார்ப்பு. பத்து மணிக்குத் தேநீர். பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டிலிருந்து போன். ஊரில் அப்போது பத்தேகால். அடகு வைத்த நகைக்கு ஏல நோட்டீஸ் வந்துவிட்டதாக மனைவி சொன்னார். அதற்குப் பின் சாப்பிட்டது நினைவில் இல்லை. ஒன்றரைக்கு மறுபடி சாரம் ஏறினார். இரண்டு மணிக்கு ஸ்பேனர்.

ஒரு நினைவோட்டத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும் என்று ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 333-ஆம் பத்தி சொல்கிறது. முடிவு கெட்டதாக இருந்தால், எந்த இடத்தில் திரும்பியது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடி என்கிறது அடுத்த பத்தி. கோபம் இரண்டு மணிக்கு வெளிவந்தது. பிறந்தது பன்னிரண்டே முக்காலுக்கு. பையன்மேல் விழுந்த வசவின் பெரும்பகுதி நோட்டீஸுக்கு உரியது.

மணிவாரியாகப் போனதில் இன்னொன்றும் அகப்பட்டது. ஏழரை மணி மீட்டிங்கில் பையனின் ஸ்பேனரில் கட்டுக்கயிறு இல்லாததை அவர் பார்த்திருந்தார். உயரத்தில் வேலை செய்கிறவர் கருவிகளை இடுப்புப் பட்டையோடு கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. பையனும் சொல்லியிருந்தான்: “அண்ணே, கயிறு பத்தலண்ணே.” வேலை அவசரத்தில், “பாத்துப் பண்ணுடா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வருந்தியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. செய்த தப்பு சத்தம் போடும். செய்யாமல் விட்ட தப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஆன்ம சோதனையில் பழகியவர்கள் இதை விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். அதை அறிந்த பிறகு சோதனை சற்றுக் கசப்பாகவும் ஆகிவிடுகிறது.

நான்காம் படியில் வருத்தம். இங்கே கவனிக்க வேண்டியது வருத்தத்தின் அளவு. ‘நான் கெட்டவன்’ என்பது வருத்தம் போலத் தோன்றும். அதில் பையனும் இல்லை, கயிறும் இல்லை. தன்னைத் தவிர யாருமே இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கவும் முடியாது. ‘கயிறு இல்லை என்று தெரிந்தும் ஏற்றிவிட்டேன், பிறகு என் பயத்தையும் கடன் கவலையையும் அவன் தலையில் கொட்டினேன்’ என்பது சிறியது, கூரானது. இதற்கு மன்னிப்புக் கேட்கலாம், கடவுளிடமும் பையனிடமும். எதிர்ப்பக்கத்துப் பிழை ஒன்றும் அடிக்கடி நேரும். வருந்தும்போது வாக்கியங்களில் மற்றவர் பெயரே எழுவாயாக வந்துகொண்டிருந்தால், நடப்பது ஆன்ம சோதனை இல்லை, புகார்ப் பட்டியல். கயிறு போதிய அளவு வாங்கித் தராதது யார் என்ற கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்க வேண்டிய இடம் மறுநாள் காலை சேஃப்டி அதிகாரியின் மேசை.

ஐந்தாம் படி தீர்மானம். பழைய தமிழ்ச் செபப் புத்தகங்கள் இதைப் பிரதிக்கினை என்கின்றன. பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ‘இனிக் கோபப்பட மாட்டேன்’ என்பது தீர்மானமே இல்லை. அதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை, மறுநாள் இரவு அது நிறைவேறியதா என்று பார்க்க வழியும் இல்லை. அந்த லீடர் இரண்டு தீர்மானம் எடுத்தார். காலை மீட்டிங் முடிந்ததும், ஏறுமுன், ஒவ்வொரு கருவியின் கயிற்றையும் தானே இழுத்துப் பார்ப்பது. கயிறில்லாதவனை ஏற்றாமல் கீழே கிளாம்ப் எடுத்துக் கொடுக்கும் வேலையில் நிறுத்துவது. இரண்டாவது, லாரியில் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்றுத் திட்டியது தப்பு என்று சொல்வது. முதலாவது மறுநாளே நடந்தது. இரண்டாவது நடக்கவில்லை, லாரியில் மற்றவர்கள் இருந்தார்கள், வாய் வரவில்லை. மறுநாள் இரவு அதுவே சோதனையில் வந்தது. அதற்கடுத்த நாள் தேநீர் இடைவேளையில் சொல்லிவிட்டார். பையன் “பரவால்லண்ணே” என்று கிளாஸைப் பார்த்துச் சொன்னான்.

ஒரே குறை திரும்பத் திரும்ப வரும்போது இஞ்ஞாசியார் தனியாக ஒரு முறை வைத்திருக்கிறார். ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலின் 24 முதல் 31 வரையான பத்திகளில் அது இருக்கிறது. ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு காலையில் எழுந்ததும் அதை மனத்தில் நிறுத்துவது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, இரவு ஒரு முறை கணக்குப் பார்ப்பது. நாளொன்றுக்கு இரண்டு கோடு. மேல் கோட்டில் மதியம் வரையிலான சறுக்கல்களுக்குப் புள்ளி, கீழ்க் கோட்டில் இரவு வரையிலானவற்றுக்கு. நூலில் அச்சிட்டுக் காட்டியுள்ள கோடுகள் வாரத்தின் முதல் நாளில் நீளமாகவும் போகப்போகக் குறுகியும் இருக்கும். புள்ளிகள் குறையும் என்ற எதிர்பார்ப்பு அந்தப் படத்திலேயே இருக்கிறது. நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிடச் சொல்கிறார்.

அந்த லீடர் சட்டைப்பையில் வைத்திருந்த, ஓவர்டைம் மணி எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் இந்தக் கோடுகளைப் போட்டார். எடுத்துக்கொண்ட குறை வசவு. சறுக்கியதும் நெஞ்சில் கை வைக்க வேண்டும், கூட்டத்தில் இருந்தாலும் யாரும் அறியாமல் அதைச் செய்யலாம் என்கிறது 27-ஆம் பத்தி. ஹார்னஸின் மார்புக் கொக்கி இதற்கு வசதியாக அமைந்தது. கொக்கியைத் தொட்டுச் சரிசெய்யும் லீடரை யார் சந்தேகப்படுவார்கள்? சில வாரங்களில் மேல் கோடு ஏறக்குறைய சுத்தமாகிவிட்டது. கீழ்க் கோடு அப்படி ஆகவில்லை. புள்ளிகள் அநேகமாக மதியத்துக்குப் பின்னரே விழுந்தன, அதுவும் மதியம் ஊருக்குப் போன் பேசிய நாட்களில். கோபத்தை நேரடியாக அடக்குவதைவிட, போன் பேச்சை இரவுக்குத் தள்ளிப்போடுவது பலன் தந்தது. மனைவிக்கு முதலில் அது வருத்தம்தான்.

இந்த முறைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அதை முதலில் அனுபவித்தவர் இஞ்ஞாசியாரே. 1521-இல் பம்பலோனாவில் குண்டடிபட்டுத் தேறி, அடுத்த ஆண்டு மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களைச் சரியாகச் சொன்னோமா என்ற ஐயம் அவரைப் பிடித்துக்கொண்டது. சொன்னதையே மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார், ஐயம் தீரவில்லை. தன் அறையில் இருந்த பெரிய துளை வழியாகக் குதித்துவிடலாமா என்று தோன்றும் அளவுக்குப் போனதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பழைய பாவங்களை இனிச் சொல்வதில்லை என்று துணிந்த பிறகுதான் விடுதலை கிடைத்தது. ஆன்ம சோதனை அன்றைய ஒரு நாளுக்கு மட்டும் எல்லை கட்டிக்கொள்வதை இந்த அனுபவத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நேற்றைய புள்ளியை இன்று மறுபடி எண்ண இடமில்லை. சோதனை முடிந்து எழும்போது மனம் தெளியாமல் நாள்தோறும் மேலும் இறுகுகிறது என்றால், முறையை நிறுத்திவிட்டு அனுபவமுள்ள ஒருவரிடம் பேசுவதே சரி.

2020 ஏப்ரலில் விடுதிகள் பூட்டப்பட்டபோது வேறொரு சிக்கல் வந்தது. கொரோனா பரவலால் தொழிலாளர்கள் அறையை விட்டு வெளியேற முடியாத அந்த வாரங்களில், மணிவாரியாகப் பார்க்க மணிகளில் எதுவுமே இல்லை. காய்ச்சல் பார்ப்பது, கதவருகே வைக்கப்படும் சாப்பாட்டுப் பொட்டலம், கட்டில், போன். நன்றி சொல்ல உட்கார்ந்தால் பயமே வந்தது. நடைபாதைக்கும் போக வழியில்லை. மறைப்புத் துணிக்குள் தலையணையில் சாய்ந்தபடிதான். உட்காராமலே விட்டுவிடலாம் என்று தோன்றிய இரவுகள் நிறைய. மனம் வறண்ட காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது அந்த நூலின் 318-ஆம் பத்தி. அடுத்த பத்தி இன்னும் ஒரு படி போய், அத்தகைய காலத்தில் செபத்தையும் சோதனையையும் சற்றுக் கூட்டச் சொல்கிறது. கூட்டும் தெம்பு அவருக்கு இல்லை. விடாமல் மட்டும் இருந்தார். நன்றிக்கு ஒன்று, வருத்தத்துக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று சுருக்கிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரரின் இருமலைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது ஒரு நாள் வருத்தத்தில் வந்தது. அதற்கு மறுநாள் தீர்மானம், அவருக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்து வைப்பது.

தனிக் குறைக்கான கோடுகளுக்கு எவ்வளவு காலம் என்று நூலில் கெடு இல்லை. புள்ளிகள் அரிதானதும் வேறொரு குறைக்கு மாற்றிக்கொள்வது வழக்கம். விடுதி திறந்து வேலை தொடங்கிய பின் அந்த லீடரின் நோட்டில் வசவுக்கான கோடுகள் நின்றுபோய், வேறொரு தலைப்பில் புதிய பக்கம் தொடங்கியது. அந்தத் தலைப்பு இரண்டே சொல்: ‘கடன் வாங்குதல்.’ அவசரத்துக்கு என்று அறைத்தோழர்களிடம் கைமாற்று வாங்கும் பழக்கம் பூட்டிய மாதங்களில் வளர்ந்திருந்தது. அதற்கு நாளுக்கு இரண்டு கோடு தேவைப்படவில்லை. சம்பளத் தேதிக்கு முந்தின வாரத்தைத் தவிர மற்ற நாட்களில் கோடுகள் வெறுமையாகவே இருந்தன. ஆகவே அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் கோடு போட்டார்.